உம்மாவை அழைக்கும் கடிதம்



கடல் கடந்து வாழும் மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. பக்கத்தில் உம்மா இருக்க வேண்டும் என்று மகள் ஏங்குகிறாள். ஊரில் உம்மாவும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். மருமகனோ, "மாமிக்கு ஸ்பான்சர் லெட்டர் அனுப்பிவிட்டேன், நோட்டரி முத்திரையும் வைத்திருக்கிறேன், இனிக் கவலை இல்லை" என்று தொலைபேசியில் சொல்கிறார். மூன்று வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வருகிறது. பிள்ளை பிறக்கிறது, உம்மா ஊரிலேயே இருக்கிறார்கள்.

இத்தகைய வீடுகளில் பலமுறை எழும் கேள்வி ஒன்றுதான்: "எல்லாச் செலவும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மருமகன் எழுதிக் கொடுத்தும் ஏன் மறுத்தார்கள்?" இம்மாதம் அந்தக் கேள்விக்கு, பிரிட்டன் நாட்டு விசாவை முன்னிறுத்தி விடை காண்போம். பிரிட்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே போக விண்ணப்பிக்கும் உறவினரைப் பெரும்பாலும் எந்த அதிகாரியும் நேரில் கண்டு பேசுவதில்லை. சென்னையிலுள்ள விசா மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். முடிவு செய்பவர் எங்கோ அமர்ந்து தாள்களை மட்டும் படிக்கிறார். எனவே உம்மாவுக்காகப் பேச வேண்டியது அந்தத் தாள்களே.

நாட்டுக்கு நாடு வேறு

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். ஸ்பான்சர் பத்திரம் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரே பத்திரம் அன்று.

பிரான்சில் இருக்கும் காரைக்கால், புதுவைக் குடும்பத்தார் உறவினரை வீட்டில் தங்கவைக்க வேண்டுமானால், தங்கள் ஊர் நகரமன்றத்தில் விண்ணப்பித்து, அது வழங்கும் வரவேற்புச் சான்றைப் பெற்று அனுப்ப வேண்டும். வீட்டில் எழுதிய கடிதம் அதற்கு ஈடாகாது. அமெரிக்காவுக்கு ஐ-134 என்ற பொருளாதார ஆதரவு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. ஆனால் சுற்றுலா விசாவுக்கு அழைப்புக் கடிதமோ ஆதரவுப் பத்திரமோ கட்டாயமில்லை என்றும், விசா வழங்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய அவற்றை அளவுகோலாகக் கொள்வதில்லை என்றும் அந்நாட்டு அரசே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கே நேர்காணலில் விண்ணப்பதாரர் சொல்லும் பதிலே பெரிது.

பிரிட்டனுக்கு இவ்விரண்டும் பொருந்தாது. அங்கே அச்சடித்த கட்டாயப் படிவம் இல்லை. சாதாரணக் கடிதமே போதும். முத்திரைத்தாள் வேண்டாம். நோட்டரி சான்றையும், ஸ்பான்சரின் மின்கட்டண ரசீது, நகராட்சி வரி ரசீது, குடும்பப் புகைப்படங்கள், விமானப் பயண முன்பதிவு, பயணக் காப்பீடு ஆகியவற்றையும் "அனுப்ப வேண்டாதவை" என்ற பட்டியலில் அந்நாட்டு வழிகாட்டிக் குறிப்பே சேர்த்திருக்கிறது. நம்மவர்கள் பணம் செலவழித்துத் திரட்டுவதில் பாதி இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகிறது.

அதிகாரி கேட்கும் இரண்டு கேள்விகள்

பார்வையாளர் விதிகளில் இரண்டு பகுதிகளை நாம் அறிந்திருக்க வேண்டும். ஒன்று வி 4.2. வருகிறவர் உண்மையாகவே சொன்ன காரியத்துக்காக வருகிறாரா, முடிந்ததும் திரும்பிப் போவாரா, வேலை செய்யாமலும் அரசு உதவி பெறாமலும் இருக்கப் போதிய பணம் உண்டா என்பதை அது பார்க்கிறது. மற்றொன்று வி 4.3. அந்தப் பணத்தை வேறொருவர் கொடுக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆனால் கொடுப்பவருக்கும் வருபவருக்கும் உண்மையான உறவு இருக்க வேண்டும். கொடுப்பவர் குடியேற்றச் சட்டத்தை மீறாதவராக இருக்க வேண்டும். அவரால் கொடுக்க முடியும், அவர் கொடுப்பார் என்று இரண்டும் விளங்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால் கேள்விகள் இரண்டே. யார் செலவு செய்வது? உம்மா திரும்பி வருவார்களா? ஸ்பான்சரின் கடிதம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும். இரண்டாம் கேள்விக்கு விடை ஊரில்தான் இருக்கிறது. மருமகன் கோடீசுவரராக இருந்தாலும், மாமி திரும்பி வருவதற்கான காரணத்தை அவரால் எழுதித் தர இயலாது. மறுப்புகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை உணராததால் வருபவை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக நாகூரில் வாழும் ஒரு விதவைத் தாயாரை வைத்துக்கொள்வோம். மகள் கணவருடன் லெஸ்டர் நகரில் இருக்கிறாள். நான்கு வயதில் ஒரு மகன். இரண்டாவது பிள்ளை மார்ச் 12-ஆம் தேதி வாக்கில் எதிர்பார்க்கப்படுகிறது. மகளுக்கு வேலை இல்லை. ஆகவே மருமகனே ஸ்பான்சர்.

முதல் முயற்சியில் மருமகன் எழுதியது நான்கே வரி: "என் மாமியார் எங்கள் வீட்டில் ஆறு மாதம் தங்கிக் குழந்தையைக் கவனித்துக்கொள்வார். அவர் செலவு முழுவதும் என் பொறுப்பு." உம்மாவின் விண்ணப்பத்திலோ எட்டு வாரம் என்று இருந்தது. உம்மாவின் வங்கிக் கணக்கில் பணம் குறைவாக இருக்கிறதே என்று, விண்ணப்பிப்பதற்கு ஒரு வாரம் முன்னர் மருமகனின் அண்ணன் ஐந்து லட்சம் ரூபாயை அதில் போட்டார். ஊரில் என்ன வருமானம், என்ன சொத்து, யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு தாளும் வைக்கப்படவில்லை.

இதில் எத்தனை பிழைகள் என்று பாருங்கள்.

கடிதத்தில் ஆறு மாதம், விண்ணப்பத்தில் எட்டு வாரம். எதை நம்புவது? ஆறு மாதம் என்பது பார்வையாளருக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் உச்ச எல்லை; எல்லோரும் கேட்க வேண்டிய அளவு அன்று.

"குழந்தையைக் கவனித்துக்கொள்வார்" என்ற சொற்களை அடுத்துப் பாருங்கள். உறவினர் ஒருவர் குறுகிய காலம் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு அங்கே தடையில்லை. ஆனால் அது ஆயா வேலை போன்றதாக ஆகிவிடக் கூடாது. ஆறு மாதம் தங்கிப் பிள்ளை வளர்ப்பது என்றால் ஐயம் எழத்தான் செய்யும். மகளின் பேறுகாலத்தில் உடனிருக்க வருகிறார் என்பதே உண்மை. அந்த உண்மையையே எழுத வேண்டும். உதவி செய்வதை மறைக்கவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை அந்த ஐந்து லட்சம். ஆறு மாதக் கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு, மாதந்தோறும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் நடமாடும் கணக்கில் திடீரென ஐந்து லட்சம் நிற்பது கண்ணில் அறையும். அது உம்மாவின் பணம் அன்று, காட்டுவதற்காக வைக்கப்பட்ட பணம் என்று எழுதிவிடுவார். அப்புறம் மற்ற தாள்களின் மீதும் நம்பிக்கை போய்விடும். மருமகன் செலவு செய்வதாக இருக்கும்போது உம்மாவின் கணக்கில் பெரும் பணம் இருக்க வேண்டிய தேவையே இல்லை. இருப்பது குறைவானாலும் அது உண்மையாக இருக்க வேண்டும்.

திருத்தி எழுதிய கடிதம்

இரண்டாம் முறை அந்த மருமகன் எப்படி எழுத வேண்டும்? கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். தாள் இல்லாத வாக்கியம் வேண்டாம். வாக்கியம் இல்லாத தாளும் வேண்டாம். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும்; அதன் கருத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

"விசா அதிகாரி அவர்களுக்கு. என் பெயர், பிறந்த தேதி, லெஸ்டர் முகவரி, தொலைபேசி எண் ஆகியவை மேலே உள்ளன. நான் பணி விசாவில் சட்டப்படி இந்நாட்டில் வசிக்கிறேன். இன்ன நிறுவனத்தில் இன்ன பதவியில் இன்ன தேதியிலிருந்து பணியாற்றுகிறேன். பிடித்தம் போக மாதம் 2,750 பவுன் பெறுகிறேன்.

என் மனைவியின் தாயாரை (முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாகூர் முகவரி) மார்ச் 1 முதல் ஏப்ரல் 26 வரை எட்டு வாரங்கள் எங்களோடு தங்க அழைக்கிறேன். என் மனைவிக்கு மார்ச் 12-ஆம் தேதி வாக்கில் குழந்தை பிறக்க இருக்கிறது. அந்த நாட்களில் அவர் தம் மகளுடன் இருப்பதே இப்பயணத்தின் நோக்கம்.

நாங்கள் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் வசிக்கிறோம். நானும் மனைவியும் ஒரு மகனும் இருக்கிறோம். மாமியார் மகனின் அறையில் தங்குவார். வீட்டு உரிமையாளர் இதற்கு எழுத்து மூலம் இசைந்திருக்கிறார்.

விமானக் கட்டணம் சுமார் 700 பவுன், எட்டு வார உணவும் சில்லறைச் செலவும் 480 பவுன், மற்றவை 220 பவுன், ஆக 1,400 பவுனை நானே ஏற்கிறேன். எங்கள் மாத வாடகையும் குடும்பச் செலவும் 2,050 பவுன், மீதம் 700. சேமிப்பில் 5,200 பவுன் உள்ளது. அவர் இங்கு வேலை செய்யமாட்டார். அரசு நிதியுதவி எதுவும் பெறமாட்டார். ஏப்ரல் 26 அன்று நாகூர் திரும்புவார்."

கீழே கையெழுத்து, தேதி, இணைத்துள்ள தாள்களின் பட்டியல். ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். "எல்லாச் செலவும் என் பொறுப்பு" என்ற வெறும் சொல்லுக்கும், 1,400 பவுன் என்று கணக்கிட்டு 5,200 பவுன் சேமிப்பிலிருந்து எடுக்கிறேன் என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். செலவு போக 3,800 பவுன் மிஞ்சுகிறது. மருமகனின் குடும்பம் கடனில் மூழ்காது என்பதும் அதிகாரிக்குத் தெரிந்துவிடுகிறது.

ஸ்பான்சர் இணைக்க வேண்டியவை

சட்டப்படி இருப்பதற்குச் சான்று முதலாவது. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவரானால் பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம். விசாவில் இருப்பவரானால் இணையத்திலுள்ள இ-விசாவின் நகல். முன்பு கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் அனுமதி அட்டைகளின் செல்லுபடிக் காலம் 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. அதன் பழைய நகலை மட்டும் அனுப்பி நின்றுவிட வேண்டாம்.

அடுத்து வருமானம். நிறுவனத்தின் கடிதம், ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அதே ஆறு மாதத்துக்கான வங்கிக் கணக்கு விவரம். சம்பளச் சீட்டில் உள்ள தொகை அதே மாதம் வங்கியில் வரவாகியிருப்பதை அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பார். நண்பரிடம் கைமாற்று வாங்கியதோ, சீட்டுப் பணம் வந்ததோ பெருந்தொகையாகக் கணக்கில் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி விளக்கமும் அதற்கான தாளும் வையுங்கள்.

மூன்றாவது வீடு. வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் இசைவுக் கடிதமும் போதும். சொந்த வீடானால் உரிமைப் பதிவின் நகல்.

நான்காவது உறவு. இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் வருகிறது. உம்மாவுக்கும் மருமகனுக்கும் இடையே இரண்டு கண்ணிகள் உள்ளன. உம்மாவின் மகள்தான் இவள் என்பதற்கு மகளின் பிறப்புச் சான்றிதழ். இவளின் கணவர்தான் அவர் என்பதற்குத் திருமணச் சான்று. பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டு நகல் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அம்மொழிபெயர்ப்பில், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை இருத்தல் வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்று இருந்தால் அதையே முதலில் வையுங்கள்.

பெயர் எழுத்துகளையும் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஃபாத்திமா பீவி, பாஸ்போர்ட்டில் பாத்திமா, மகளின் பாஸ்போர்ட்டில் தாய் பெயர் ஃபாத்திமா பீ என்று மூன்று விதமாக இருப்பது நமக்கு வியப்பன்று. நம்மை அறியாத அதிகாரிக்கு அவர்கள் மூன்று பெண்கள். ஒரே நபர்தான் என்று கடிதத்தில் ஒரு வரியில் சொல்லி, இரு பெயரையும் இணைக்கும் ஓர் அரசு ஆவணத்தைச் சேர்த்தல் நலம்.

ஐந்தாவது, பயணத்தின் காரணம். பேறுகாலத் தேதி குறிப்பிட்ட மருத்துவமனைக் கடிதம் அல்லது மருத்துவச்சியின் சான்று.

ஊரில் திரட்ட வேண்டியவை

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். நம் நாகூர்த் தாயாருக்கு இரண்டு கடைகள் உண்டு. ஒவ்வொன்றும் மாதம் 9,000 ரூபாய் வாடகை. ஆனால் வாடகை கையில் வாங்கப்பட்டு அலமாரியில் வைக்கப்படுகிறது. வட்டியில் விருப்பமில்லாமையால் வங்கிப் பக்கமே போகாத பெரியவர்கள் நம்மிடையே உண்டு. சேமிப்பு நகையாகவும் ரொக்கமாகவும் இருக்கும். அதிகாரிக்கு அது இல்லாத பணம். பயணத்தை எண்ணிய மாதத்திலிருந்தே வாடகையைக் கணக்கில் பெறத் தொடங்குங்கள். ஆறு மாதத்தில் ஒழுங்கான வரவு பதிவாகிவிடும். திடீர் ஐந்து லட்சத்தைவிட மாதம் 18,000 ரூபாய் வாடகை ஆயிரம் மடங்கு மேலானது.

அடுத்த சிக்கல், கடைகளின் பட்டாவும் வரி ரசீதும் மறைந்த கணவரின் பெயரிலேயே இருப்பது. அதை அப்படியே அனுப்பினால் வேறொருவரின் சொத்து என்று ஆகிவிடும். கணவரின் இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் பெற்ற வாரிசுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தால் தொடர்பு விளங்கும். இவையும் தமிழில் இருப்பின் மொழிபெயர்ப்பு வேண்டும்.

திரும்பி வருவதற்கு வலுவான காரணம் பெரும்பாலும் மனிதர்களே. இத்தாயாரோடு கல்லூரியில் படிக்கும் இளைய மகள் இருக்கிறாள். உம்மா இல்லாத எட்டு வாரமும் அவள் பெரியம்மா வீட்டில் தங்குகிறாள். இதை உம்மாவே தம் பெயரில் ஒரு சிறு கடிதமாக எழுதலாம்: யாருடன் வாழ்கிறேன், எதில் வருமானம், எட்டு வாரம் யார் பொறுப்பு, ஏன் ஏப்ரல் இறுதியில் திரும்ப வேண்டும். மகளின் கல்லூரிச் சான்றும் குடும்ப அட்டையும் அதற்குத் துணை. இதற்குமுன் ஹஜ், உம்ரா அல்லது மகன் இருக்கும் வளைகுடா நாடு என்று வெளிநாடு போய் உரிய நாளில் திரும்பியிருந்தால், அந்தப் பழைய பாஸ்போர்ட்டின் பக்கங்களையும் மறவாமல் சேருங்கள். "போனவர் திரும்பி வந்தார்" என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

காலமும் எச்சரிக்கையும்

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். நம் தாயார் மார்ச் 1-இல் புறப்பட வேண்டுமானால் டிசம்பர் தொடக்கத்திலேயே வழி திறக்கிறது. கைரேகை கொடுத்தபின் முடிவுக்குச் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். ஜனவரி நடுவில் கொடுத்தால், ஒருவேளை மறுக்கப்பட்டாலும் பிழையைத் திருத்தி மீண்டும் விண்ணப்பிக்கச் சிறிது அவகாசம் கிடைக்கும். விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்க வேண்டாம்.

மறுக்கப்பட்டால் பொதுவாக மேல்முறையீடு இல்லை. மறுபடி விண்ணப்பிப்பதே வழி. அப்போது முந்தைய மறுப்பை மறைக்கக் கூடாது. மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதப்பட்டதோ அதற்கு நேராக விடை சொல்லும் தாளை வைத்து, "முன்பு இக்காரணத்தால் மறுக்கப்பட்டது, அதற்கான விளக்கம் இது" என்று எழுதுங்கள். அதே தாள்களை மறுபடி அனுப்பினால் அதே முடிவுதான் வரும். முகவர் யாராவது, "பேங்க் பேப்பரும் வேலைச் சான்றும் நானே தயார் செய்கிறேன்" என்றால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். பொய்ச் சான்று வெளிப்பட்டால் பத்தாண்டுகள் அந்நாட்டு விசா மறுக்கப்படும். மகளின் அடுத்த பேறுகாலமும் பேரனின் திருமணப் பேச்சும் கூட அதில் அடங்கிவிடக்கூடும்.

இன்னொன்று. இந்தக் கடிதம் மருத்துவச் செலவைத் தானாகத் தீர்த்துவிடாது. பார்வையாளராக வருபவர் அங்குள்ள அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும், தொகை பெரிது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள உம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுப்பது விசாவுக்காக அன்று, அவர்களுக்காக. ஏற்கனவே உள்ள நோயையும் அக்காப்பீடு ஏற்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கான மருந்தும், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவரின் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் பதிவேற்றுவதற்குமுன் ஒரு நாள் இரவு மகளும் உம்மாவும் தொலைபேசியில் அமர்ந்து விண்ணப்பத்தையும் இரண்டு கடிதங்களையும் வரிவரியாக வாசித்துப் பாருங்கள். தேதிகள் ஒன்றா? வாரங்கள் ஒன்றா? செலவு செய்பவர் யார் என்பது மூன்றிலும் ஒன்றா? முகவர் நிரப்பிய விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் கையெழுத்திட்ட உம்மாக்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அந்த ஒரு மணி நேர வாசிப்பில் ஒரு முரண் கண்ணில் பட்டுவிட்டால், அதை அதிகாரி காண்பதற்குமுன் நீங்களே திருத்திவிடலாம்.